1+√2 வந்தா 1−√2 ஏன் கூடவே வரணும்?

கீற்று:
தங்கச்சி +2 படிக்கிறா. சமன்பாட்டியல் பாடத்துல ஒரு வரி வருது: கெழுக்கள் எல்லாம் விகிதமுறு எண்களா இருந்து, 1+√2 ஒரு மூலம்னா 1−√2 உம் மூலம்தான். கணக்கு அவளுக்கு நல்லாவே வரும். அவ கேட்டது வேற.

x³ − 5x² + 5x + 3 = 0. இதைப் போன்ல வரைபடமா போட்டுப் பார்த்திருக்கா. கோடு x அச்சை 3ல வெட்டுது, 2.414ல வெட்டுது, −0.414ல வெட்டுது. "2.414 எங்கயோ இருக்கு, −0.414 எங்கயோ இருக்கு. அங்க ஒரு தடவை வெட்டினா இங்கயும் ஒரு தடவை வெட்டியே ஆகணும்னு அந்தக் கோட்டுக்கு யாரு சொன்னது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நான் சிவில் படிச்சவன், "ஜோடியா வரும்"னு மனப்பாடம் பண்ணதோட சரி. சூத்திரத்துல ± இருக்குல்ல, அதனாலன்னு சமாளிச்சேன். "இது முப்படி, இதுல ஏது ±?"ன்னு மடக்கிட்டா.

பாக்குமட்டை:
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? மூலங்களைக் கூட்டினா x² கெழுவோட எதிர்க்குறி வரணும். இங்க அது 5. ஒரு மூலத்துல √2 ஒட்டிக்கிட்டு இருந்தா கூட்டுத்தொகையிலயும் அது நிக்கும். அதைக் காலி பண்ண −√2 வச்சிருக்கிற இன்னொரு மூலம் வேணும். அதான் 1−√2. முடிஞ்சது.

சுண்ணக்கட்டி:
பாக்குமட்டை சொல்வது இருபடிக்கே முழு நிரூபணம் அல்ல, முப்படிக்கு இன்னும் போதாது.

இருபடியில் இரண்டே மூலங்கள். ஒன்று 1+√2 என்றால், கூட்டுத்தொகை விகிதமுறு எண்ணாக இருக்க மற்றது r−√2 என்ற வடிவில்தான் இருக்க முடியும், r விகிதமுறு எண். ஆனால் r என்னவாகவும் இருக்கலாமே? 7−√2 இருந்தாலும் கூட்டுத்தொகை 8தான். அங்கே பெருக்கிப் பார்க்க வேண்டும்: (1+√2)(r−√2) = (r−2) + (r−1)√2. இதுவும் விகிதமுறு எண்ணாக வேண்டுமென்றால் r = 1. ஆக, கூட்டுத்தொகை மட்டும் போதாது, பெருக்குத்தொகையும் சேர்ந்து நின்றால்தான் மற்ற மூலம் 1−√2 என்று உறுதியாகும்.

முப்படியில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். √2-வைக் காலி செய்யும் வேலையை அவர்கள் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளலாமே? ஒருவரிடம் −(√2)/2, இன்னொருவரிடமும் அதே. கூட்டுத்தொகை ஆட்சேபிக்காது. அப்படி நடக்காது என்பது உண்மைதான். ஆனால் ஏன் நடக்காது என்பதை இந்த வழியில் பிடிக்கப் போனால் படி ஏற ஏற மூச்சு வாங்கும். வேறு வழி இருக்கிறது. மாலை வீட்டுக்குப் போய் எழுதுகிறேன்.

ரயிலடி:
தங்கச்சி ரெண்டு பாடத்தைப் போட்டுக் குழப்பிக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். ஜோடியா வர்றது i இருந்தாத்தான். √2 மெய்யெண், அது எதுக்கு ஜோடி தேடப் போகுது? இதோ பாருங்க: x² − (1+√2)x + √2 = 0. மூலங்கள் 1, √2. −√2 எங்க?

கீற்று:
@ரயிலடி கெழுவுலயே √2 இருக்கே?

பனங்கிழங்கு:
கீற்று சொல்லுறது சரி. (எங்கட பக்கம் குணகம் எண்டு சொல்லுவம், நீங்கள் கெழு எண்டுறியள், ரெண்டும் ஒண்டுதான்.) ரயிலடியின்ர உதாரணம் விதியை உடைக்கேல்லை, விதிக்கு வெளியில நிக்குது. i-க்கும் √2-க்கும் கதை ஒண்டுதான், வேலி தான் வேற. குணகங்கள் மெய்யெண் எண்டால் √−1 அந்த வேலிக்கு வெளியில, அதனால ஜோடியாத்தான் வரும். குணகங்கள் விகிதமுறு எண் எண்டால் √2-வும் வெளியாள். நீங்கள் குணகத்துக்குள்ளயே √2-வை விட்டுட்டியள் எண்டால் அது வீட்டுக்காரன். வீட்டுக்காரன் தனியா வரலாம்தானே.

சுண்ணக்கட்டி:
சொன்னபடி எழுதுகிறேன். தங்கை கையிலேயே போட்டுப் பார்க்கட்டும்.

1+√2-ஐ அந்தக் கோவையில் உண்மையாகவே பிரதியிடுங்கள். சமன் சுழி என்று தெரிந்திருந்தாலும் பாதியில் விடாதீர்கள், √2 உள்ள பகுதியையும் இல்லாத பகுதியையும் தனித்தனியாக வைத்துக்கொண்டே போங்கள்.

(1+√2)² = 3 + 2√2
(1+√2)³ = 7 + 5√2

கோவையின் மதிப்பு: (7 − 15 + 5 + 3) + (5 − 10 + 5)√2 = 0 + 0·√2.

இப்போது 1−√2-ஐப் பிரதியிடுங்கள். வர்க்கம் 3 − 2√2, கனம் 7 − 5√2. மேலே வந்த அதே எண்கள், √2-வின் குறி மட்டும் புரண்டிருக்கிறது. ஆகவே கோவையின் மதிப்பு (7 − 15 + 5 + 3) − (5 − 10 + 5)√2. அதே இரண்டு அடைப்புகள். இரண்டும் சுழி. புதிதாக எதுவும் கணக்கிடவில்லை, பழைய கணக்கையே கண்ணாடியில் பார்த்தோம்.

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பெருக்கும்போது கண்ணாடி ஏன் உடையவில்லை? (u + v√2)(s + t√2) = (us + 2vt) + (ut + vs)√2. v, t இரண்டின் குறியையும் மாற்றினால் 2vt மாறாது, ut + vs முழுவதுமாகக் குறி மாறும். அதாவது முதலில் குறி மாற்றிப் பிறகு பெருக்கினாலும், பெருக்கிய பிறகு குறி மாற்றினாலும் விடை ஒன்றே. கூட்டலுக்கும் அப்படித்தான். கெழுக்களில் √2 இல்லாததால் குறி மாற்றம் அவற்றைத் தொடுவதே இல்லை. ரயிலடியின் சமன்பாட்டில் தொட்டுவிடுகிறது, அதுதான் வித்தியாசம்.

இரண்டாவது இடம்தான் பலரும் தாண்டிப் போவது. எந்தக் கோவையானாலும் 1+√2-ஐப் போட்டால் M + N√2 என்று வரும், M, N விகிதமுறு எண்கள். அது சுழி என்று மட்டும்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். M தனியாகச் சுழி, N தனியாகச் சுழி என்று யாரும் கொடுக்கவில்லை. ஆனால் N சுழி இல்லையென்றால் √2 = −M/N ஆகி, √2 விகிதமுறு எண் ஆகிவிடும். ஆகாது. எனவே N = 0, அதன்பின் M-உம் 0. அப்படியானால் M − N√2-உம் சுழிதான். எத்தனை படி கோவையானாலும் இதே வாதம், ஒரு வரிகூடக் கூடாது.

கீற்று:
சார், அவகிட்டக் காட்டினேன். பத்து நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம் "√2 விகிதமுறா எண்ணுங்கறதை ஒரே ஒரு இடத்துலதான் பயன்படுத்தறாரு. அந்த இடத்தை எடுத்துட்டா நிஜமாவே தப்பாகுமா?"ன்னு கேட்டா.

சுண்ணக்கட்டி:
ஆகும். 3+√4 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். x − 5 = 0 என்ற சமன்பாட்டுக்கு அது மூலம். 3−√4 = 1, அது மூலம் இல்லை. இங்கே M = −2, N = 1; M + N√4 = 0 ஆகிறது, ஆனால் இரண்டும் தனித்தனியே சுழி அல்ல. குறியீடு போட்டு எழுதிவிட்டதால் மட்டும் ஜோடி வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

அவளுடைய முதல் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. கோட்டுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, கோட்டுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி 3-ஐ 3.1 ஆக்கி மறுபடி வரையச் சொல்லுங்கள். கோடு கொஞ்சம்தான் மேலே போகும், மூன்று வெட்டும் இருக்கும்: ஏறக்குறைய −0.42, 2.48, 2.94. பார்வைக்குப் பழைய படம் மாதிரியேதான். ஆனால் இந்த மூன்றில் ஒன்றுகூட a+√b வடிவில் இல்லை (a, b விகிதமுறு எண்கள்). இருந்திருந்தால் அதன் இணையும் வந்து, இரண்டின் கூட்டுத்தொகை 2a, மூன்றாவது மூலம் 5 − 2a என்று விகிதமுறு எண்ணாகியிருக்கும். 10x³ − 50x² + 50x + 31-க்கு அப்படி ஒரு மூலம் இருந்தால் அதன் தொகுதி 31-ஐயும் பகுதி 10-ஐயும் வகுக்க வேண்டும். சோதித்துப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. ஜோடி என்பது படத்தில் இல்லை, 1+√2 என்ற எண்ணுக்குள் இருக்கிறது.

டியூஷன்_அக்கா:
நான் பத்தாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கறேன். பகுதியை விகிதமுறு எண்ணாக்கும்போது 1/(1+√2)-ஐ 1−√2-ஆல மேலயும் கீழயும் பெருக்குவோம்ல, அதுவும் இதே ஜோடிதானா? போன வருஷம் ஒரு பையன் 1/(1+∛2)-ஐ எடுத்துட்டு வந்து 1−∛2-ஆல பெருக்கினான். கீழ 1−∛4 வந்து நின்னுச்சு. "இது சிலபஸ்ல இல்லடா"ன்னு அனுப்பிட்டேன். இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

பனங்கிழங்கு:
அதே ஜோடிதான் அக்கா. ஆனா ∛2-க்கு −∛2 ஜோடி இல்லை. x³ = 2 எண்ட சமன்பாட்டிலை −∛2-ஐப் போட்டால் −2 வருது, மூலமே இல்லை. அந்தச் சமன்பாட்டின்ர மற்ற ரெண்டு மூலமும் ∛2·ω, ∛2·ω². ω எண்டுறது 1-இன்ர கலப்புக் கனமூலம். ∛2-க்குக் கூட்டாளி ஒராள் இல்லை, ரெண்டு பேர்.

அந்தப் பெடியனுக்கு வேண்டியது ரெண்டு பேரையும் சேர்த்துப் பெருக்கிறது: (1+∛2·ω)(1+∛2·ω²). ω + ω² = −1, ω·ω² = 1 எண்டதால இது 1 − ∛2 + ∛4 ஆகுது. ω காணாமல் போயிட்டுது பாருங்கோ. இதாலை பெருக்கினால் கீழ 1 + 2 = 3. விடை (1 − ∛2 + ∛4)/3. a³ + b³ காரணிப்படுத்துற சூத்திரம்தான், வேற உடுப்புப் போட்டு வந்திருக்கு.

டியூஷன்_அக்கா:
அடக்கடவுளே, a³+b³! அவன் இப்ப பாலிடெக்னிக்ல இருக்கான். தேடிப் பிடிச்சுச் சொல்லணும்.

பாக்குமட்டை:
சரி, என் கூட்டுத்தொகை வாதத்தை வாபஸ் வாங்கிக்கறேன். இப்ப புரிஞ்ச வரைக்கும்: வர்க்கமூலமா இருந்தா குறியை மாத்து, கனமூலமா இருந்தா ω போடு. எத்தனை மூலக்குறி இருக்கோ ஒவ்வொண்ணையும் மாத்தி மாத்திப் போட்டா கூட்டாளிங்க எல்லாரும் வந்துடுவாங்க. √(3+2√2)-ன்னா உள்ள ஒரு ±, வெளிய ஒரு ±, மொத்தம் நாலு பேர். சரியா?

சுண்ணக்கட்டி:
அருமையான உதாரணத்தை எடுத்து அதிலேயே மாட்டிக்கொண்டீர்கள். (1+√2)² = 3+2√2 என்று மேலே எழுதியிருக்கிறேன். அப்படியானால் √(3+2√2) யார்? 1+√2 தான். x² − 2x − 1 = 0 என்ற இருபடிக்கு அது மூலம். அந்தச் சமன்பாட்டில் மொத்தமே இரண்டு பேர்தான், −√(3+2√2) அதில் இல்லவே இல்லை.

நீங்கள் சொன்ன நால்வரும் x⁴ − 6x² + 1-இன் மூலங்கள்தாம். ஆனால் அது (x² − 2x − 1)(x² + 2x − 1) என்று உடைந்துவிடும். ஒரே வீடு என்று நினைத்தது இரண்டு வீடாகிவிட்டது, நம்மவரோடு கட்டாயம் வருபவர் அதே வீட்டில் இருக்கும் ஒருவர் மட்டுமே. √(2+√2)-ஐ எடுத்திருந்தால் உங்கள் கணக்கு சரியாக இருந்திருக்கும்: x⁴ − 4x² + 2 உடையாது, நான்கு பேரும் கட்டாயம் வருவார்கள்.

எனவே மூலக்குறிகளைப் பார்த்துக் கூட்டாளிகளை எண்ணக் கூடாது. அந்த எண்ணை மூலமாகக் கொண்ட, விகிதமுறு கெழுக்களோடு மேற்கொண்டு உடையாத கோவை எது என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் மற்ற மூலங்கள்தான் கூட்டாளிகள்.

நிரல்வண்டு:
கையால உடைக்கச் சோம்பேறித்தனமா இருந்தா:

```python
from sympy import sqrt, minimal_polynomial
from sympy.abc import x

print(minimal_polynomial(sqrt(3 + 2*sqrt(2)), x))
print(minimal_polynomial(sqrt(2 + sqrt(2)), x))
```

முதல் வரிக்கு `x**2 - 2*x - 1`, ரெண்டாவதுக்கு `x**4 - 4*x**2 + 2`.

எனக்கும் ஒரு கேள்வி. என்கிட்ட மூலக்குறி இல்லாம வெறும் தசமம் மட்டும் வருது, 2.414213562 மாதிரி. அதுலேர்ந்து கூட்டாளி யாருன்னு சொல்ல முடியுமா?

சுண்ணக்கட்டி:
அந்த ஒன்பது இலக்கத்தோடு நின்றுவிட்டால் அது 2414213562/1000000000 என்ற விகிதமுறு எண், கூட்டாளியே கிடையாது. சின்னக் கெழுக்களோடு எந்தக் கோவை கிட்டத்தட்டச் சுழியாகிறது என்று தேடி ஊகிக்கலாம். ஊகம்தான். 1+√2-தானா, பக்கத்தில் இருக்கும் வேறொன்றா என்று தசமம் ஒருபோதும் சத்தியம் செய்யாது.

நிரல்வண்டு:
நடைமுறையில இருபது முப்பது இலக்கம் ஒத்துப்போனா போதும் சார். அதுக்கு மேல சந்தேகப்படறது எனக்கு ஓவராத் தெரியுது.

சுண்ணக்கட்டி:
உங்கள் வேலைக்குப் போதும். என் கரும்பலகையில் அதை நிரூபணம் என்று எழுத மாட்டேன்.

ரயிலடி:
என் தப்பு புரிஞ்சுது, நன்றி. ஆனா கேக்கறேன், இந்த ஜோடி சமாச்சாரம் பரீட்சையைத் தாண்டி எதுக்காவது உதவுமா?

பனங்கிழங்கு:
எனக்குப் பிடிச்சது ஒண்டு இருக்கு. கவராயத்தையும் நேர்விளிம்பையும் மட்டும் வைச்சு 60° கோணத்தை மூண்டா வெட்டேலாது. 1837இலை வான்ட்செல் எண்ட பிரெஞ்சுக்காரர் நிரூபிச்சது. அதின்ர நெஞ்சே இந்த ஜோடிதான்.

கவராயத்தாலை கீறக்கூடிய நீளங்கள் எல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அதோட வர்க்கமூலம், இவ்வளவாலையும் வாற எண்கள். வர்க்கமூலத்துக்குள்ள வர்க்கமூலம் எண்டு எத்தனை அடுக்கும் போகலாம். 20° கீறேலும் எண்டால் 2cos20° அப்பிடியான ஒரு எண்ணா இருக்க வேணும். cos 3θ சூத்திரத்திலை போட்டால் அது x³ − 3x − 1 = 0-இன்ர மூலம்.

இப்ப அந்த மூண்டு மூலத்திலையும் ஆகக் குறைஞ்ச அடுக்கிலை எழுதக்கூடியதை எடுங்கோ. அதை a + b√c எண்டு எழுதலாம். a, b, c எல்லாம் ஒரு அடுக்குக் கீழ உள்ளது, √c அந்தக் கீழடுக்கிலை இல்லை. சுண்ணக்கட்டி ஐயா எழுதின M + N√2 வாதத்தை வரிக்கு வரி திருப்பிப் போடுங்கோ, "விகிதமுறு எண்" எண்ட இடத்திலை "கீழடுக்கு எண்". a − b√c-யும் மூலம். x² உறுப்பு இல்லாததாலை மூண்டின்ர கூட்டுத்தொகை 0. அப்ப மூண்டாவது மூலம் −2a. அது கீழடுக்கிலை இருக்கு! ஆகக் குறைஞ்ச அடுக்கைத்தானே எடுத்தம், அதுக்கும் கீழ ஒண்டு வந்திட்டுது. முரண். தப்ப ஒரு வழிதான், அடுக்கே இல்லாமல் அது விகிதமுறு எண்ணா இருக்கிறது. அதுக்கு 1, −1 தான் வாய்ப்பு. போட்டால் −3, 1 வருது. சுழி இல்லை. கதை முடிஞ்சுது.

ரயிலடி:
ரெண்டு தடவை படிச்சேன். "−2a" வர்ற இடத்துல கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தேன்.

பாக்குமட்டை:
பாருங்க, கடைசியில கூட்டுத்தொகைதான் உதவுது!

டியூஷன்_அக்கா:
எனக்கு இன்னும் ஒரு மனக்குறை. பிள்ளைகளுக்கு "குறியை மாத்து"ன்னு சொல்லிக்கொடுக்கறது தப்பா? பத்தாவதுல இவ்வளவும் பேச முடியாது.

சுண்ணக்கட்டி:
a+√b என்ற வடிவத்துக்கு மட்டும் என்று சேர்த்துச் சொன்னால் தப்பில்லை. சேர்க்காமல் விட்டால் அடுத்த வருடம் √2+√3-க்கு √2−√3 மட்டும் ஜோடி என்று எழுதுவார்கள். அந்த விடைத்தாளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன்.

பனங்கிழங்கு:
நான் ஒத்துக்கொள்ளேல்லை ஐயா. குறி எண்டு சொல்லிக் குடுத்தால் பிறகு அதை மறக்கப்பண்ணுறது பெரும்பாடு. "அதே சமன்பாட்டின்ர மற்ற மூலம்" எண்டு முதல் நாளே சொல்லலாம்.

கீற்று:
நீங்க பேசிக்கிட்டிருங்க. இங்க ராத்திரி பதினொரு மணிக்குக் கால்குலேட்டரோட ஒருத்தி உக்காந்திருக்கா. x³ − 3x − 1-ஓட பெரிய மூலம் 1.87939. இதை வர்க்கம் பண்ணி 2லேர்ந்து கழிச்சாளாம், −1.53209. அதுவும் மூலம்! அதையும் வர்க்கம் பண்ணி 2லேர்ந்து கழிச்சா −0.34730. மூணாவது மூலம். மறுபடி பண்ணினா திரும்ப 1.87939. வட்டமா சுத்துது. "இதுல ஒருத்தர் கிடைச்சா மத்தவங்களை வெறும் பெருக்கல் கழித்தல்லயே பிடிச்சுடலாம், ∛2-க்கு மட்டும் ஏன் ω-ன்னு வெளியாளைக் கூப்பிடணும்?"ன்னு கேக்கறா. நான் தூங்கப் போறேன்.

சுண்ணக்கட்டி:
x³ + px + q-க்கு −4p³ − 27q² என்ற தன்மைகாட்டியை இரண்டு கோவைகளுக்கும் கணக்கிடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு 81 வரும், மற்றதற்கு −108. 81 ஒரு விகிதமுறு எண்ணின் வர்க்கம், −108 இல்லை. அங்கிருந்து நாளை தொடங்கலாம்.